சுவிட்சை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள்

இப்படி ஒரு வீடு எந்த ஊரிலும் இருக்கும். வசதிக்காகத் திருச்சியில் வைத்துக்கொள்வோம். மாடி வீடு, மூன்று அறை, மூன்று ஃபேன், மூன்றிலும் மூன்று விதமான கோளாறு. கூடத்து ஃபேன் வேகத்தைக் குறைத்தால் உறுமும். படுக்கையறை ஃபேன் ஒன்றில் வைத்தால் சுற்றாது. இரண்டிலும் மூன்றிலும் ஒரே வேகம். பின்னறையில் அம்மாவின் கட்டிலுக்கு மேலே இருப்பது எதில் வைத்தாலும் சோம்பலாகத்தான் சுழலும். சில நாள் காலையில் அதைக் கிளப்ப ஒட்டடைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ள வேண்டும்.

"ரெண்டு தடவை ரெகுலேட்டர் மாத்தியாச்சு தம்பி, ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று அம்மா சொல்ல, வந்த எலக்ட்ரீஷியன் பின்னறைக்குப் போகாமல் கூடத்திலேயே நின்றார். "அத கடைசியில பாப்போம்மா. கழட்டின ரெகுலேட்டர தூக்கிப் போட்டுறலயே?" மேசை இழுப்பறையில் இரண்டும் பத்திரமாக இருந்தன.

ஃபேனில் எது தவறினாலும் பழி முதலில் ரெகுலேட்டர்மேல் விழுவதற்குக் காரணம் எளிது. கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது அதுதான். கழற்றுவது சுலபம், வாங்குவதும் சுலபம். ஆனால் உறுமலுக்கும் வேகம் மாறாமைக்கும் ரெகுலேட்டரைத் தவிர நாலைந்து காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய முதலில் கருவி எதுவும் தேவையில்லை. காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கூடத்தில் எலக்ட்ரீஷியன் செய்த முதல் வேலை, ஃபேனை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, உறுமல் நன்றாகக் கேட்கும்போது சுவிட்சை அணைத்தது. இறக்கைகள் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. உறுமல் மட்டும் அந்த நொடியே நின்றுவிட்டது.

இந்த ஒரு சோதனையில் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. மின்சாரத்தால் வரும் ஒலி, மின்சாரம் நின்றதும் நிற்கும். பேரிங் தேய்ந்தோ, இறக்கையின் போல்ட் தளர்ந்தோ, மேலே உள்ள கிண்ணம் கம்பியில் உரசியோ வரும் ஒலி, ஃபேன் சுற்றும்வரை கூடவே வந்து, வேகம் குறையக் குறையத் தானும் மெல்ல இறங்கி நிற்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. இயந்திர ஒலிக்கு வேகத்தோடு தாளம் மாறும்; மூன்றில் வைத்தால் 'டக்டக்டக்', ஒன்றில் வைத்தால் 'டக்... டக்...'. மின் உறுமலோ சுற்றும் வேகம் எதுவானாலும் ஒரே சுருதியில் இருக்கும். ஏனென்றால் அதன் சுருதியை நிர்ணயிப்பது ஃபேன் அல்ல, மின்வாரியம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை எழுந்து தணிகிறது. அதனால் காந்த விசை நொடிக்கு 100 முறை இழுத்து விடுகிறது. அந்த நூறின் ஒலிதான் 'ம்ம்ம்'.

எல்லா ஃபேனிலும் இந்த இழுப்பு இருக்கிறதே, கூடத்து ஃபேன் மட்டும் ஏன் உறும வேண்டும்? அங்கே சுவரில் இருந்த ரெகுலேட்டரின் குமிழ் ஒலிப்பெருக்கியின் குமிழ்போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. எண்ணுக்கு எண் 'கிளிக்' என்று நிற்கவில்லை. டிம்மர் வகை என்று சொல்லப்படுவது இதுதான். உள்ளே டிரையாக் என்றொரு சிறு மின்னணுக் கதவு இருக்கிறது. ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் அது மூடியிருக்கும். சற்றுத் தாமதித்துச் சட்டென்று திறக்கும். தாமதம் கூடினால் ஃபேனுக்குப் போகும் மின்சாரம் குறையும், வேகமும் குறையும். ஊஞ்சலை ஒருவர் மென்மையாகத் தள்ளி விடுவதற்கும், ஒவ்வொரு முறையும் பலகையைப் படாரென்று அறைந்து தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஊஞ்சல் இரண்டிலும் ஆடும், ஆனால் அறைந்தால் சங்கிலி அதிரும். ஃபேனுக்குள் இருக்கும் செம்புச் சுருளும் இரும்புத் தகடுகளும் அந்த அறையில்தான் அதிர்கின்றன.

அலை அதன் உச்சியில் இருக்கும்போது கதவு திறந்தால் அறை பலமாக விழும். ஆகவே டிம்மர் உறுமல் நடு வேகத்தில் அதிகமாகவும், முழு வேகத்தில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்று மிச்சமிருந்தால் அதையும் சாட்சிக்கு அழைக்கலாம். டிம்மர் ஓடும்போது பக்கத்தில் வைத்தால் கரகரவென்று இரையும். குமிழை முழுவதும் திருப்பினால் இரைச்சல் அடங்கும்.

இதைப் பழுது என்று சொல்ல முடியாது. அந்த வகை ரெகுலேட்டரின் சுபாவமே அதுதான். புதிதாக வாங்கிய இன்னொரு டிம்மரும் இதே ஃபேனில் உறுமவே செய்யும். சுருளும் தகடும் இறுக்கமாக உள்ள ஃபேனில் கொஞ்சம் குறைவாக உறுமும், அவ்வளவுதான். உறுமல் பிடிக்கவில்லை என்றால் வகையை மாற்ற வேண்டும். டிம்மருக்கே உரிய உண்மையான பழுதுகள் வேறு. குமிழை எங்கே திருப்பினாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், பெரும்பாலும் டிரையாக் உருகி ஒட்டிப்போய்க் கதவு நிரந்தரமாகத் திறந்துகிடக்கிறது என்று பொருள். திருப்பும்போது வேகம் துள்ளித் துள்ளி மாறினால் குமிழின் உள்தடம் தேய்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ம்ம்ம்' வேறு, 'சடசட' வேறு. சுவிட்ச் பலகைக்குள்ளிருந்து பொரிவதுபோல ஒலி வந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, கருகல் வாடை அடித்தாலோ, அது தளர்ந்த இணைப்பில் மின்பொறி தாவுவது. அப்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

மின்வெட்டின்போது மட்டும் உறுமுகிறதா? அப்படியானால் ரெகுலேட்டரை மறந்துவிடலாம். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது வளைந்து எழும் அலை அல்ல, கட்டம் கட்டமான சதுர அலை. அந்தச் சதுரத்தின் கூர்மையே ஃபேனை அதிரவைக்கிறது. முழு வேகத்திலும் உறுமும், மின்சாரம் திரும்பி வந்த நொடியில் அமைதியாகிவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது படுக்கையறை. அங்கே இருந்தது 'கிளிக் கிளிக்' என்று நான்கு இடத்தில் நிற்கும் ஸ்டெப் ரெகுலேட்டர். இப்போது வீடுகளில் பரவலாக இருப்பது இதுதான். இதில் அலையை வெட்டும் வேலையே இல்லை, எனவே உறுமலும் இல்லை. உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எலக்ட்ரீஷியன்கள் வாயில் அது கண்டென்சர். ஒன்று 2.2, மற்றது 3.3 மைக்ரோஃபாரட் என்பதுபோல ஒன்று சிறிது, ஒன்று பெரிது. சிறியதைச் செம்பு என்றும் பெரியதைக் குடம் என்றும் நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். ஒவ்வொரு அரை அலைக்கும் அந்தப் பாத்திரம் ஒருமுறை நிரம்பிக் காலியாகிறது; பாத்திரம் கொள்ளும் அளவு மின்சாரம்தான் ஃபேனுக்குப் போய்ச் சேர்கிறது.

நான்கு வேக ரெகுலேட்டரில் பொதுவாக உள்ள ஏற்பாடு இது: ஒன்றில் வைத்தால் செம்பு மட்டும். இரண்டில் குடம் மட்டும். மூன்றில் செம்பும் குடமும் சேர்ந்து. நான்கில் பாத்திரமே கிடையாது; குழாயை நேராகத் திறந்துவிட்ட மாதிரி, மின்சாரம் தடையின்றிப் போகும்.

இதைத் தெரிந்துகொண்டு படுக்கையறைக் கோளாறைத் திரும்பப் பார்த்தால், கழற்றாமலேயே உள்ளே நடந்தது தெரிந்துவிடும். ஒன்றில் சுற்றவில்லை, ஆகவே செம்பு செத்துவிட்டது. இரண்டில் சுற்றுகிறது, குடம் நன்றாக இருக்கிறது. மூன்றில் இரண்டும் சேர வேண்டும். செம்பு இல்லாததால் குடம் மட்டும்தான் வேலை செய்கிறது. அதனால்தான் இரண்டிலும் மூன்றிலும் ஒரே வேகம். நான்கில் பழுதே தெரியாது, ஏனென்றால் அங்கே பாத்திரங்களுக்கு வேலையில்லை. குடம் செத்திருந்தால் கதை மாறியிருக்கும்: இரண்டில் நின்றுபோயிருக்கும், மூன்றில் ஒன்றின் வேகமே வந்திருக்கும். செம்பு அறுந்துபோகாமல் உள்ளுக்குள் ஒட்டிப்போய் 'ஷார்ட்' ஆகியிருந்தால், ஒன்றிலும் மூன்றிலும் ஃபேன் முழு வேகத்தில் பறந்திருக்கும்.

ஐந்து வேகம் உள்ளவற்றில் பாத்திரங்களின் எண்ணிக்கையும் சேர்க்கையும் மாறலாம், தர்க்கம் மாறாது. சில எண்களில் மட்டும் தவறு, மற்றவற்றில் சரி என்றால் குற்றம் ரெகுலேட்டருடையது. ஃபேனுக்குத் தான் எந்த எண்ணில் ஓடுகிறோம் என்பது தெரியாது. எண்ணைப் பார்த்துப் பழுதாக அதனால் முடியாது.

பாட்டி வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பெட்டி ரெகுலேட்டருக்கும் இதே வகைத் தர்க்கம் உண்டு. அதற்குள் இருப்பது நீண்ட கம்பிச்சுருள். வேகம் குறையக் குறைய மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் கூடும், மிச்ச மின்சாரம் சூடாக வீணாகும். கம்பி ஓரிடத்தில் அறுந்தால், அந்த இடத்துக்கு மேலுள்ள வேகங்கள் எல்லாம் இருக்கும், கீழுள்ளவை எல்லாம் போய்விடும். ஐந்து, நான்கு, மூன்று ஓடி, இரண்டும் ஒன்றும் ஓடாவிட்டால் மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கம்பி அறுந்திருக்கிறது. பெட்டியைத் தொட்டால் சுடுகிறதே என்று பயப்படுவார்கள். ஓரளவு சூடு அதற்கு இயல்பு.

இனிப் பின்னறை. அம்மா வாசலிலேயே நின்றார்.

எலக்ட்ரீஷியன் குமிழை நான்கில் வைத்தார். ஃபேன் யோசித்து யோசித்துக் கிளம்பியது. நான்கில் ரெகுலேட்டர் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்று முன்பே பார்த்தோம். அங்கேயே வேகம் வரவில்லை என்றால் ரெகுலேட்டர் எப்படிக் குற்றவாளியாகும்? இரண்டு முறை மாற்றியும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இதுவே. முழு வேகத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அதை யாரும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னறையில் அம்மா ஃபேனை ஒன்றிலோ இரண்டிலோதான் வைப்பார், குளிர் தாங்காது. கோளாறு முதலில் தெரிந்ததும் அங்கேதான்: ஒன்றில் கிளம்பவில்லை, இரண்டில் திணறியது. குறைந்த வேகத்தில் மட்டும் தகராறு என்றதும் ரெகுலேட்டர்தான் என்று எவரும் முடிவுகட்டுவார்கள். உண்மையில் ஃபேனின் பலம் குறைந்துவந்தாலும் முதலில் கைவிடுவது இந்தக் குறைந்த வேகங்கள்தான். சத்தில்லாத ஆள் வெறுங்கையோடு நடந்துவிடுவார், பத்துக் கிலோ பையைத் தூக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

"வோல்ட்டேஜ் கம்மியோ?" என்றார் அம்மா. நல்ல கேள்வி. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஃபேன் மந்தமாகத்தான் சுற்றும். ஆனால் அப்போது எல்லா அறையிலும் மந்தமாகச் சுற்ற வேண்டும். கூடத்து ஃபேன் முழு வேகத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. மின்சாரம் நிரபராதி.

அடுத்து மெயினை அணைத்துவிட்டு, இறக்கையைக் கையால் சுற்றிவிட்டார். வழுக்கிக்கொண்டு பல சுற்றுப் போய் மெதுவாக நின்றது. பேரிங் இறுகியிருந்தால் ஒன்றிரண்டு சுற்றிலேயே வெடுக்கென்று நின்றிருக்கும், கையில் நறநறப்பும் தெரிந்திருக்கும். பேரிங்கும் நிரபராதி.

மிச்சம் இருப்பது ஃபேனின் தலைக்கு மேலே, கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சிறு வெள்ளை அல்லது கறுப்பு டப்பா. ரெகுலேட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வேறு, இது வேறு. இது ஃபேனின் சொந்தக் கெப்பாசிட்டர். வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும், சில ஃபேன்களில் 3.15. வீட்டுக்கு வரும் ஒற்றை மின்னிணைப்பால் மோட்டாரை இழுக்கவும் விடவும்தான் முடியும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று சொல்ல முடியாது. உள்ளே உள்ள இரண்டு சுருள்களில் ஒன்றுக்குப் போகும் மின்னோட்டத்தை இந்த டப்பா கொஞ்சம் முன்பின்னாக்கித் தருவதால்தான் இழுப்பு சுழற்சியாக மாறுகிறது. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின்மேல் மெல்லிய உலோகப் பூச்சு. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் மின்னழுத்த ஏற்றங்களிலும் அந்தப் பூச்சு அங்கங்கே ஆவியாகிப் போகிறது. டப்பா வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், கொள்ளளவு மட்டும் தேய்ந்துகொண்டே வரும்.

ஒட்டடைக் குச்சியின் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கெப்பாசிட்டர் முற்றிலும் செத்துவிட்டால் ஃபேன் நின்ற இடத்திலேயே உறுமும். குச்சியால் தள்ளினால், தள்ளிய பக்கம் மெல்லச் சுற்றும். மறுபக்கம் தள்ளினால் மறுபக்கம் சுற்றும். இப்படி நின்றபடி உறுமும் ஃபேனை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து, சுருள் சூடேறிக் கருகிவிடும். அதன்பின் காயில் கட்டுவதைத் தவிர வழியில்லை.

ஏணி போட்டு ஏறிய எலக்ட்ரீஷியன், முதலில் டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்தார். ஃபேன் சுவிட்சை மட்டும் நம்பி மேலே கை வைக்கக் கூடாது. வயரிங் செய்தவர் பேஸை விட்டு நியூட்ரலில் சுவிட்சைக் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் மேலே மின்சாரம் இருக்கும். கெப்பாசிட்டருக்குள்ளும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் வழியாக இணைத்துக் காலிசெய்தார். பிறகு மீட்டரில் வைத்தார். 2.5 என்று அச்சடித்திருந்த டப்பா 1.4 காட்டியது. ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது பாதிக்குப் பாதி போய்விட்ட கணக்கு.

புதிய கெப்பாசிட்டர் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று 2.5 இருந்த இடத்தில் 4 போடுகிறவர்கள் உண்டு. கூடுதல் மின்னோட்டத்தில் சுருள் சூடாகி, ஃபேன் ஆயுள் குறையும்.

மாற்றியதும் ஃபேன் நான்கில் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒன்றில் வைத்தபோதும் குச்சி இல்லாமலே கிளம்பியது.

முழு வேகச் சோதனைக்கு இரண்டு விதிவிலக்கு உண்டு. ஸ்டெப் ரெகுலேட்டரில் நான்காம் எண்ணின் தொடுமுனை மட்டும் கருகிப்போகலாம். அப்போது மூன்றில் நன்றாக ஓடும் ஃபேன் நான்கில் நின்று நின்று ஓடும், அல்லது ஓடவே ஓடாது. மூன்றைவிட நான்கு மோசமாக இருந்தால் குற்றவாளி ரெகுலேட்டரே. டிம்மரில் வேறு சிக்கல்: குமிழை முழுக்கத் திருப்பினாலும் மின்சாரம் டிரையாக் வழியாகவே போகிறது, ரெகுலேட்டர் முழுவதும் ஒதுங்குவதில்லை. இப்படிச் சந்தேகம் வந்தால் மெயினை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, அதற்கு வந்த இரண்டு வயர்களையும் நேராக இணைத்து டேப் சுற்றிவிட்டு ஓடவிட வேண்டும். சரியாக ஓடினால் ரெகுலேட்டர் பழுது, ஓடாவிட்டால் பழுது மேலே. எலக்ட்ரீஷியனுக்கு இது ஐந்து நிமிட வேலை. பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கியவர்களுக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. ரிமோட்டில் வேகம் மாறும் அந்த ஃபேனுக்குள்ளேயே ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது. அதற்கு முழு மின்சாரமும் வெட்டில்லாமல் வர வேண்டும். பழைய ரெகுலேட்டரைச் சுவரிலேயே விட்டுவைத்து, யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் அதை இரண்டுக்குத் திருப்பினால் ஃபேன் விட்டு விட்டு ஓடும், நாளடைவில் சுற்றே கெடலாம். ஃபேன் மாட்டும்போதே ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

திருச்சி வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எலக்ட்ரீஷியன் இழுப்பறையில் இருந்த இரண்டு ரெகுலேட்டர்களையும் கேட்டு வாங்கினார். தன் பையிலிருந்து அறுபது வாட் குண்டு பல்பு கோத்த ஒரு வயரை எடுத்து, ஒவ்வொரு ரெகுலேட்டரையும் பல்போடு தொடராக இணைத்தார். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது; மின்சாரம் குறைந்தால் மங்கும் பழைய இழைப் பல்புதான் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருப்பத் திருப்ப, பல்பு படிப்படியாகப் பிரகாசமானது. இரண்டாவதிலும் அதே படிகள். இரண்டும் ஸ்டெப் வகை, இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லை.

ஒன்று கூடத்துக்குப் போனது, உறுமல் நின்றது. இன்னொன்று படுக்கையறைக்குப் போனது.

"அப்ப ரெகுலேட்டர் எதுவும் வாங்க வேண்டாமா?" என்றார் அம்மா.

"நீங்கதான் முன்னாடியே வாங்கி வெச்சிட்டீங்களேம்மா" என்று அவர் ஏணியை மடக்கினார்.